பிடி100 பேனலில் 8 டிகிரி கூடுதல்: பிளாட்டினம் சென்சாரும் தெர்மிஸ்டரும் எங்கே பிரிகின்றன

கேள்வி: எங்கள் சிறிய பால் பண்ணையில் குளிர்விக்கும் டேங்கில் 10கே தெர்மிஸ்டர் இருக்கிறது. இரண்டு வயர்தான், பல வருடமாகத் தொந்தரவு இல்லை. புதிதாக வைத்த பாஸ்டரைசருக்குப் பிடி100 போட்டோம். பேனல் 40 மீட்டர் தள்ளி இருப்பதால் எலக்ட்ரீஷியன் கையிலிருந்த 0.5 சதுர மி.மீ. 2 கோர் கேபிளை இழுத்துவிட்டு, மூன்றாவது வயருக்குப் பதிலாகப் பேனலில் ஒரு ஜம்பர் போட்டார். இப்போது பேனல் 72 காட்டும்போது கண்ணாடித் தெர்மாமீட்டர் 64 காட்டுகிறது. சென்சார் கோளாறா? பிளாட்டினம்தான் துல்லியமானது என்றார்களே, தெர்மிஸ்டரே போட்டிருக்கலாமோ?

பதில்:

சென்சார் நல்லதாகத்தான் இருக்கும். உங்கள் கண்ணாடித் தெர்மாமீட்டரும் உண்மையைத்தான் சொல்கிறது. அந்த 8 டிகிரி கேபிளுக்குள் இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். அதற்கு முன் ஒன்று: 72 டிகிரியில் 15 வினாடி என்பது உங்கள் இயந்திரத்தின் கணக்கு. 63 டிகிரி என்றால் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 64 டிகிரியில் 15 வினாடி ஓடிய பால் பாஸ்டரைஸ் ஆன பால் இல்லை. சரிசெய்யும்வரை அந்தப் பாலை வெளியே விடாதீர்கள். ஏற்கெனவே எடுத்து வைத்த மாதிரி இருந்தால் பாஸ்பட்டேஸ் சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

இரண்டு சென்சாரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வெப்பநிலை மாறினால் மின்தடை மாறும், கண்ட்ரோலர் அந்தத் தடையை அளந்து டிகிரியாக மாற்றிக் காட்டும். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு டிகிரி மாறினால் எத்தனை ஓம் மாறுகிறது என்பது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பிடி100 என்றால் பிளாட்டினம் சென்சார், பூஜ்யம் டிகிரியில் சரியாக 100 ஓம். சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 ஓம், அவ்வளவுதான். 72 டிகிரியில் அதன் தடை 127.84 ஓம். உங்கள் டேங்கில் இருக்கும் 10கே தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10,000 ஓம், சூடு ஏறினால் தடை இறங்கும். கடைகளில் அதிகம் புழங்கும் 3950 வகை என்று வைத்துக்கொண்டால், 4 டிகிரியில் அது சுமார் 27,300 ஓம் இருக்கும். அங்கே ஒரு டிகிரி மாறினால் 1,400 ஓம் மாறும். ஒரு பக்கம் 0.39, இன்னொரு பக்கம் 1,400.

இப்போது உங்கள் கேபிளுக்கு வருவோம். 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 39 ஓம். 40 மீட்டர் போக, 40 மீட்டர் வர, மொத்தம் 80 மீட்டர், அதாவது 3.12 ஓம். கண்ட்ரோலருக்குச் சென்சாரின் ஓம் எது, வயரின் ஓம் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து 127.84 வந்தால் 72 என்று எழுதிவிடும். அதில் வயரின் 3.12-ஐக் கழித்தால் சென்சாரில் இருப்பது 124.72 ஓம். அட்டவணையில் பாருங்கள், 124.72 என்பது 64 டிகிரிக்குச் சற்றே குறைவு. உங்கள் கண்ணாடித் தெர்மாமீட்டர் காட்டிய எண்.

இதே கேபிளைத் தெர்மிஸ்டருக்குப் போட்டிருந்தால்? 4 டிகிரியில் 3.12-ஐ 1,400-ஆல் வகுத்தால் 0.002 டிகிரி. கண்ணுக்கே தெரியாது. பல வருடமாகத் தொந்தரவு இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அது தெர்மிஸ்டரின் துல்லியம் இல்லை, அதன் ஒரு டிகிரி அவ்வளவு பெரிதாக இருப்பதன் பலன். தவறு எந்தப் பக்கம் சாயும் என்பதையும் கவனியுங்கள். பிளாட்டினத்தில் வயர் தடை கூடினால் பேனல் கூடுதலாகக் காட்டும், தெர்மிஸ்டரில் குறைவாகக் காட்டும். பாஸ்டரைசரில் கூடுதலாகக் காட்டுவதுதான் ஆபத்து. 72 என்று பேனல் சொன்னதை நம்பி எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

"அப்படியானால் கண்ட்ரோலரில் ஆஃப்செட் மைனஸ் 8 போட்டுவிட்டால் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். உங்கள் எலக்ட்ரீஷியனே சொல்லக்கூடும். அன்றைக்குச் சரியாகக் காட்டும். ஆனால் செம்பும் ஒரு உலோகம்தானே, அதன் தடையும் வெப்பத்தில் மாறும். டிகிரிக்கு 0.39 சதவீதம், கிட்டத்தட்ட பிளாட்டினம் அளவுக்கே. கேபிள் தகரக் கூரையை ஒட்டிப் போகிறது, விடியற்காலையில் 25 டிகிரி, மதியம் 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.12 ஓம் கேபிள் கால் ஓம் அளவுக்குக் கூடிவிடும். பேனலில் 0.6 டிகிரி. காலையில் ஆஃப்செட் போட்டுச் சரியாக நிறுத்தியிருந்தால், மதியம் பால் 71.4-இல் ஓடும், பேனல் 72 என்று காட்டும். கூரையின் வெயிலை நீங்கள் பால் வெப்பநிலை என்று படித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது வயர் இதற்காகத்தான். பிடி100-இலிருந்து வரும் மூன்று வயரில் இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை. சிவப்பு இரண்டும் சென்சாரின் ஒரே முனையில் சேர்ந்திருக்கும், வெள்ளை மறுமுனையில். கண்ட்ரோலர் அந்த இரண்டு சிவப்பு வழியாக வயரின் தடை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, வெள்ளை வயரிலும் அதே அளவு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும். கூரை சூடானால் மூன்று வயரும் ஒன்றாகச் சூடாகும், ஒன்றாகவே கழியும். உங்கள் எலக்ட்ரீஷியன் ஜம்பரைப் பேனல் முனையில் போட்டதால், இரண்டு சிவப்பு டெர்மினலுக்கும் நடுவே கண்ட்ரோலர் பார்ப்பது ஒரு விரல் நீள வயர். வயர் தடை பூஜ்யம் என்று முடிவு செய்துவிட்டது. ஜம்பர் போடாமல் விட்டிருந்தால் சென்சார் திறந்திருக்கிறது என்று பிழை காட்டியிருக்கும். அந்தப் பிழையை நிறுத்தத்தான் ஜம்பர் போட்டிருப்பார். பிழை போய்விட்டது, 8 டிகிரி வந்துவிட்டது.

ஆகவே 3 கோர் கேபிள் இழுங்கள். மூன்று கோரும் ஒரே கேபிளில், ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் 2 கோருடன் தனியாக ஒரு வயரை இழுத்துச் சேர்ப்பது வேண்டாம். மூன்றும் சமம் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது, வேறு தடிமன் வயர் வந்தால் அந்த நம்பிக்கை போச்சு. மூன்று வயர் முறையின் பலவீனமும் இதே இடத்தில்தான். நான் பார்த்த பெரும்பாலான மூன்று வயர் கோளாறு கேபிளில் இருப்பதில்லை, சென்சார் தலையில் இருக்கும் டெர்மினல் திருகில் இருக்கும். பால் பண்ணையில் நீராவி, காஸ்டிக் கழுவல், ஈரம் எல்லாம் உண்டு. தலை மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் உள்ளே பச்சை பூக்கும். ஒரே ஒரு திருகில் 0.4 ஓம் கூடினால் ஒரு டிகிரி தவறு. வெள்ளைப் பக்கம் கூடினால் பேனல் அதிகமாகக் காட்டும், அளவுக்குப் பயன்படும் சிவப்புப் பக்கம் கூடினால் குறைவாகக் காட்டும். குழாயைத் தட்டினால் எண் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் திருகுதான்.

நான்கு வயர் முறையில் இந்தச் சமம் என்ற நம்பிக்கையே தேவையில்லை. இரண்டு வயரில் மின்னோட்டம் போகும், மற்ற இரண்டில் மின்னழுத்தம் மட்டும் அளக்கப்படும். அளக்கும் வயரில் ஓட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால் அதன் தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பு இல்லை. ஒரு திருகு கொஞ்சம் துருப்பிடித்தாலும் எண் மாறாது. உங்கள் கண்ட்ரோலர் நான்கு வயர் ஏற்கும் என்றால் அதையே போடச் சொல்வேன். ஆனால் சிறிய பேனல் கண்ட்ரோலர்களில் பெரும்பாலும் மூன்று டெர்மினல்தான் இருக்கும். வேறு வழி, சென்சார் தலைக்குள்ளேயே ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலாக மாற்றி அனுப்புவது. அப்போது கேபிள் நீளம் ஒரு பொருட்டே இல்லை, உங்கள் பழைய 2 கோர் கேபிளையே பயன்படுத்தலாம். கண்ட்ரோலரின் உள்ளீட்டு அமைப்பை மட்டும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். புதுக் கேபிள் இழுப்பது கடினமான இடம் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

3 கோர் போட்ட பிறகு சரியாக இருக்கிறதா என்று ஒரு மல்டிமீட்டரை வைத்தே பார்த்துவிடலாம். பேனலில் மூன்று வயரையும் கழற்றுங்கள். முதலில் சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே அளங்கள். 40 மீட்டருக்கு 3.3 ஓம் போல வரும், அதில் மல்டிமீட்டர் புரோப் வயரின் 0.2 ஓமும் சேர்ந்திருக்கும். அப்புறம் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அளங்கள். பால் 72-இல் இருந்தால் 131.2 போல வரும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள், 127.9. கேபிளின் தடை, புரோப்பின் தடை இரண்டும் கழித்தலில் போய்விட்டன, மிஞ்சியது பிளாட்டினம் மட்டும். மல்டிமீட்டர் 0.1 ஓம் வரைதான் காட்டும் என்பதால் கால் டிகிரி முன்பின் இருக்கும். ஆனால் 8 டிகிரி தவறு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இது தாராளம். அடுத்து இன்னொரு சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அளங்கள், முந்தைய 131.2-உடன் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த இரண்டு சிவப்பில் ஒன்றின் திருகைத் தேடுங்கள்.

தெர்மிஸ்டருக்கு வயர் கவலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதன் கவலை வேறு திசையில் இருக்கிறது. தடை பெரிதாக இருப்பதால் வயரின் சில ஓம் அதைத் தொடாது, ஆனால் இரண்டு வயருக்கும் நடுவே கசிவு வந்தால் தொடும். டேங்கில் சென்சாரைச் செருகும் குழலான பாக்கெட்டுக்குள் நீர் வியர்த்து, இணைப்பில் ஈரம் இறங்கி, இரண்டு வயருக்கும் நடுவே 10 லட்சம் ஓம் அளவுக்கு ஒரு கசிவு வழி உண்டானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 27,300 ஓமுக்குப் பக்கவாட்டில் அது சேர்ந்தால் மொத்தம் 26,575 ஆகிவிடும். பேனலில் அரை டிகிரி கூடுதல். இதே ஈரம் பிடி100-இல் இறங்கினால் நூறில் ஓரிரு பங்கு ஓம்தான் குறையும், டிகிரியில் 0.03. சுருக்கமாகச் சொன்னால் பிளாட்டினத்துக்குச் செம்பு பகை, தெர்மிஸ்டருக்குத் தண்ணீர் பகை. குளிர்ந்த இடத்தில்தான் வியர்வை அதிகம், தெர்மிஸ்டர் தடையும் குளிரில்தான் அதிகம். எனவே டேங்க் சென்சாரின் இணைப்பை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். உள்ளே பசை உருகும் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், இணைப்பை டேங்க் உறைக்கு வெளியே எடுத்து வையுங்கள்.

அடுத்து நேர்கோடு. பிடி100-இன் கணக்கு இது, பூஜ்யத்துக்கு மேலே:

```
R = 100 × (1 + 0.0039083·t − 0.0000005775·t²)
```

கடைசி உறுப்பு அவ்வளவு சிறிது என்பதால் வளைவு மிகக் குறைவு. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம். இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால் 50 டிகிரியில் 119.25 வரும், உண்மையில் அது 119.40. இந்த வித்தியாசம் 0.4 டிகிரிக்கும் குறைவு. இதைக்கூட இப்போதைய கண்ட்ரோலர் எல்லாம் திருத்திவிடும். இந்தக் கணக்கு ஐஇசி 60751 என்ற தரத்தில் எழுதப்பட்டது. எந்தக் கம்பெனி சென்சாரை எந்தக் கம்பெனி கண்ட்ரோலரில் போட்டாலும் மெனுவில் `Pt100` என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. பழைய அமெரிக்க இயந்திரங்களோடு வந்த வேறு வகைப் பிளாட்டினம் சில உண்டு, உங்களுக்கு அது வர வாய்ப்புக் குறைவு.

தெர்மிஸ்டரில் வளைவு மிகப் பெரிது. 4 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 1,400 ஓம், 25-இல் 440, 72-இல் 55, 100 டிகிரியில் வெறும் 20. அதை டிகிரியாக மாற்றுவதற்கான எளிய கணக்கு:

```
1/T = 1/298.15 + ln(R/10000) / 3950
```

இங்கே T கெல்வினில். இதைவிடத் துல்லியமான ஒன்று ஸ்டைன்ஹார்ட், ஹார்ட் என்ற இருவர் 1968-இல் கொடுத்தது. அது கடலாய்வுக்காக வந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். கடல் நீரின் வெப்பநிலை ஒரு சிறிய எல்லைக்குள்தான் மாறும், ஆனால் அதற்குள் மிக நுணுக்கமாகத் தெரிய வேண்டும். தெர்மிஸ்டருக்கு ஏற்ற வேலை என்றால் அப்படிப்பட்டதுதான். பால் டேங்கும் ஒரு வகையில் அப்படித்தான்.

வளைவை மைக்ரோகண்ட்ரோலர் நிமிர்த்திவிடும், அதனால் இப்போது வளைவே பிரச்சினை இல்லை என்று சொல்கிறார்கள். பாதி உண்மை. கணக்கு நிமிர்த்தும், ஆனால் தொலைந்த நுணுக்கத்தைத் திருப்பித் தராது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் தொடராக இணைத்து 1,024 படி உள்ள உள்ளீட்டில் படிக்கும் சாதாரணப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 4 டிகிரியில் ஒரு டிகிரிக்குப் பத்துப் படி கிடைக்கும். 100 டிகிரியில் இரண்டு படிகூட முழுதாகக் கிடைக்காது, எண் அரை டிகிரிக்கு மேல் குதித்துக் குதித்துத்தான் மாறும். பிடி100-ஐ இந்தப் பலகையில் நேராகப் போடவே முடியாது, ஒரு மில்லி ஆம்பியர் விட்டால் டிகிரிக்கு 0.39 மில்லி வோல்ட்தான் வரும். அதற்கென்று பெருக்கி வேண்டும், காசும் கூடும். ஆனால் பெருக்கிய பிறகு 0-இலும் 100-இலும் ஒரே அளவு நுணுக்கம் கிடைக்கும்.

தெர்மிஸ்டர் கணக்கில் 3950 என்ற எண் இருக்கிறது பாருங்கள், பீட்டா என்பார்கள், அங்கேதான் பலரும் சறுக்குவார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு குளிர்விப்பு நிலையத்தில் டேங்க் சென்சார் போய்விட்டது. அவசரத்துக்குப் பக்கத்து டவுன் கடையில் "10கே என்டிசி" என்று கேட்டு ஒன்று வாங்கி மாட்டினோம். மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதித்தேன். அறை 30 டிகிரி, பேனல் 29.3 காட்டியது. நன்றாக இருக்கிறது என்று டேங்கில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது: "அண்ணே, டேங்க் ஓரத்துல பால் கட்டியா ஒட்டுது, கம்பிரசர் நிக்கவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் பேனலில் 4-ஐ ஒட்டிய எண், பாலில் கண்ணாடித் தெர்மாமீட்டரை விட்டால் ஒரு டிகிரி. வாங்கியது 3435 பீட்டா, கண்ட்ரோலர் எதிர்பார்த்தது 3950. இரண்டுக்கும் 25 டிகிரியில் அதே 10,000 ஓம். அங்கிருந்து விலக விலகப் பிரியும். உண்மையில் 4 டிகிரி இருந்தால் பேனல் 6.6 காட்டும், பேனலை 4-க்குக் கொண்டுவர பாலை 1.1 டிகிரி வரை இறக்க வேண்டும். நான் சோதித்த இடம் இரண்டு கோடும் ஒன்றாக இருக்கும் இடம், அதனால்தான் அகப்படவில்லை. அன்றிலிருந்து தெர்மிஸ்டரை அறை வெப்பநிலையில் மட்டும் சோதித்துவிட்டு மாட்டுவதில்லை. எந்த வெப்பநிலையில் வேலை செய்யப்போகிறதோ அதற்குப் பக்கத்தில் சோதிக்க வேண்டும். உங்கள் டேங்க் சென்சாரின் பீட்டா என்ன என்று இப்போதே பேனல் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது துல்லியம். "பிளாட்டினம்தான் துல்லியம்" என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன், எந்த வெப்பநிலையில், எந்த வகுப்பு என்று கேட்பேன். பிடி100-க்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வகுப்பு பி. அதன் வரம்பு 0.3 டிகிரியும், வெப்பநிலையை 0.005-ஆல் பெருக்கி வருவதும் சேர்ந்தது. வகுப்பு ஏ என்றால் 0.15, 0.002. உங்கள் 72 டிகிரியில் வகுப்பு பி 0.66 டிகிரி முன்பின் போகலாம், வகுப்பு ஏ 0.29. தெர்மிஸ்டர் ஒரு சதவீதம், பீட்டாவும் ஒரு சதவீதம் என்று எழுதியிருந்தால், 4 டிகிரியில் மோசமான நிலையில் 0.4 டிகிரி, 72-இல் 0.85. ஆக 4 டிகிரியில் ஒரு நல்ல சாதாரணத் தெர்மிஸ்டரும் வகுப்பு பி பிளாட்டினமும் ஏறக்குறைய சமம், ஒன்று 0.4, மற்றது 0.32. 0 முதல் 70 டிகிரி வரை 0.1 டிகிரிக்குள் நிற்கும் தேர்ந்தெடுத்த தெர்மிஸ்டர்களும் விற்கிறார்கள். குளிர்ப் பக்கம் அவை வகுப்பு ஏ பிளாட்டினத்தையே தாண்டிவிடும். 25-ஐ விட்டு மேலே போகப் போகத்தான் பிளாட்டினம் முன்னேறுகிறது.

பிளாட்டினத்துக்குப் பெயர் வந்தது புதிதாக இருக்கும்போது உள்ள துல்லியத்தால் மட்டும் இல்லை, வருடங்கள் போனாலும் மாறாமல் இருப்பதால். உலக வெப்பநிலை அளவுகோலே, மைனஸ் 259 டிகிரியிலிருந்து 961.78 டிகிரி வரை, மிகத் தூய பிளாட்டினத் தடையை வைத்துத்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் பாஸ்டரைசரில் இருப்பது அந்த ஆய்வகச் சென்சாரின் தூரத்துச் சொந்தம்தான். தெர்மிஸ்டர் உலோக ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த சின்ன மணி, மேலே எபாக்சி பூசியிருக்கும். கண்ணாடிப் பூச்சு உள்ளது நீண்ட நாள் நிலையாக நிற்கும். எபாக்சி மணியைத் தினமும் 80 டிகிரிக் கழுவலுக்கும் அப்புறம் குளிருக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் ஈரம் மெல்ல உள்ளே போய் எண் நகரும். டேங்கில் அந்த அலைக்கழிப்பு குறைவு, பாஸ்டரைசரில் அதிகம்.

சுயச் சூட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், அளக்கும் மின்னோட்டமே சென்சாரைச் சூடாக்கும் விவகாரம் அது. பிடி100-இல் ஒரு மில்லி ஆம்பியர் விட்டால் 0.13 மில்லி வாட்தான், கவலை இல்லை. அதே மின்னோட்டத்தை 27,000 ஓம் தெர்மிஸ்டரில் விட்டால் 27 மில்லி வாட், அசையாத காற்றில் பல டிகிரி தவறு வரும். நல்ல கண்ட்ரோலர் எதுவும் அப்படிச் செய்யாது. ஆனால் நீங்களே பலகை கட்டினால், பாக்கெட்டுக்குள் சென்சாரைச் சுற்றி வெற்றுக் காற்று விட்டால், அரை டிகிரி வரை இதனாலேயே போகும். வெப்பம் கடத்தும் பசையைப் பாக்கெட்டில் நிரப்பிச் செருகுங்கள். இரண்டு வகைச் சென்சாருக்கும் இது நல்லது, எண்ணும் சீக்கிரம் மாறும்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு: பாஸ்டரைசருக்குப் பிடி100 போட்டது சரியான முடிவு, வகுப்பு ஏ வாங்குங்கள், 3 கோர் அல்லது தலை டிரான்ஸ்மிட்டர் போடுங்கள். தெர்மிஸ்டரைப் போட்டிருந்தால் கேபிள் தவறு 0.06 டிகிரியோடு போயிருக்கும், ஆனால் 72-இல் 0.85 டிகிரி சந்தேகத்தோடும் தினக் கழுவலோடும் காலம் தள்ள வேண்டியிருக்கும். டேங்கில் இருக்கும் தெர்மிஸ்டரை அப்படியே விடுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் உதிரி வைத்திருக்க வசதி என்று நினைத்து அதையும் மாற்றப் போகாதீர்கள்.

அப்புறம், வயர் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். பிடி100 அறுந்தால் தடை முடிவிலி, கண்ட்ரோலர் அதை மிக அதிக வெப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். பால் சூடாகிவிட்டது என்று நினைத்து, சூடாகாத பாலை முன்னே அனுப்பிவிடும். சென்சார் அறுந்தால் எண் கீழே விழ வேண்டும் என்ற அமைப்பு கண்ட்ரோலரில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் இயந்திரம் தண்ணீரில் ஓடும்போது ஒரு சிவப்பு, வெள்ளை, இன்னொரு சிவப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, மூன்று முறையும் சூடாகாத பாலைப் பின்னே அனுப்பும் திருப்பு வால்வு திரும்புகிறதா என்று பாருங்கள். தெர்மிஸ்டர் அறுந்தால் நேர் எதிர், மிகக் குளிர் என்று தெரியும். டேங்கில் கம்பிரசர் நின்றுவிடும், காலையில் பால் புளித்திருக்கும். அதற்கு ஒரு அலாரம் வையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஐஸ் சோதனை. நல்ல தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி, ஒரு தெர்மோஸ் பிளாஸ்க்கில் நெருக்கமாக நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மிதந்தால் அடியில் பூஜ்யம் இருக்காது. சென்சாரைப் பத்து சென்டிமீட்டராவது உள்ளே விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கேபிளை மாற்றிய பிடி100 பேனலில் 0.3-க்குள் காட்டினால், சென்சாரும் கேபிளும் திருகும் எல்லாம் சேர்ந்து சரி என்று அர்த்தம். 0.8 அல்லது 1 காட்டினால் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் தலை மூடியைத் திறந்து, மூன்று திருகையும் கழற்றித் தேய்த்து இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.